குழைவான களிமண்ணில் பாலத்தின் அணுகுசாலை: பைல்களும் சுமை மாற்று மேடையும் கொண்ட மண்கரை, கணக்கிலிருந்து களம் வரை

பாலம் ஏறும் இடத்தில் வண்டி ஒரு முறை துள்ளினால் காரணத்தை மேலே தேட வேண்டாம், கீழே இருக்கிறது. பாலத்தின் முனையைத் தாங்கும் சுவரான அபட்மென்ட், தரைக்குள் ஆழமாக இறக்கிய தூண்களான பைல்களின் மேல் நிற்பதால் அமிழ்வதில்லை. அதை ஒட்டிய மண்கரை களிமண்ணின் மேல் நிற்கிறது, களிமண் இறுக இறுக அதுவும் இறங்குகிறது. சாலையை எத்தனை முறை மட்டம் பிடித்தாலும் கொஞ்ச நாளில் படி திரும்பி வந்துவிடும்.

அந்த மண்கரையையே பைல்களின் மேல் தூக்கி வைப்பது இதற்கான வழிகளில் ஒன்று. களிமண்ணுக்குள் கட்டம் கட்டமாகப் பைல்களை இறக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் கான்கிரீட் தொப்பி வைக்கிறோம். தொப்பிகளின் மேல் ஜியோகிரிட் என்ற வலுவான பிளாஸ்டிக் வலையை விரித்து, அதன் மேல் உடைத்த ஜல்லியைத் தட்டி இறுக்குகிறோம். ஜியோகிரிட்டும் ஜல்லியும் சேர்ந்த அந்த அடுக்குதான் சுமை மாற்று மேடை. மண்கரையின் எடையைக் களிமண்ணிடம் போகவிடாமல் தொப்பிகளுக்குத் திருப்பிவிடுவது அதன் வேலை.

ஒரே ஒரு எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்போம். எண்கள் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் களத்தில் அவை மாறும், செய்யும் வரிசை மாறாது.

## படி 1: பைல் தேவையா என்று முதலில் பாருங்கள்

அபட்மென்ட் அருகே மண்கரை 6 மீட்டர் உயரம். சாலை 30-க்கு 1 சரிவில் இறங்குகிறது, ஆக 90 மீட்டர் தள்ளிப் போனால் உயரம் 3 மீட்டர். கீழே 10 மீட்டர் குழைவான களிமண், அதன் கீழே நெருக்கமான மணல். நிலத்தடி நீர் தரைமட்டத்தை ஒட்டியே இருக்கிறது. களிமண்ணின் வெட்டு வலிமை மேலே 12 கிலோபாஸ்கல், அடியில் 20. நிரப்பும் மண் ஒரு கனமீட்டருக்கு 19 கிலோநியூட்டன்.

6 மீட்டர் மண் தரையில் ஏற்றும் அழுத்தம் 114 கிலோபாஸ்கல். மேல்பகுதிக் களிமண் தாங்கக்கூடிய உச்சம், வெட்டு வலிமையை 5.14-ஆல் பெருக்கினால், சுமார் 62. அதாவது ஏறக்குறைய 3.2 மீட்டர் உயரத்திலேயே கரை வழுக்கி உட்கார்ந்துவிடும், அதுவும் பாதுகாப்புக் காரணி எதுவும் வைக்காத கணக்கில். எப்படியோ நிற்க வைத்தாலும் அமிழ்வு இருக்கிறது. இறுகல் விகிதம் 0.2 என்று எடுத்தால் மொத்தம் 1.36 மீட்டர் வருகிறது. இறுகல் கெழு ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்றால் அதில் 90 சதவீதம் முடியவே 21 ஆண்டுகள் ஆகும்.

பலர் விட்டுவிடும் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. பாரம் ஏறிய களிமண் கீழே மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் பிதுங்குகிறது. கரையின் அழுத்தம் வெட்டு வலிமையின் சுமார் 3 மடங்கைத் தாண்டினால் அந்தப் பிதுக்கம் அபட்மென்ட்டின் பைல்களைத் தள்ளி வளைக்கத் தொடங்கும். இங்கே 3 மடங்கு என்பது 36, நம்முடைய அழுத்தமோ 114. பாலத்தையே காப்பாற்ற வேண்டிய நிலை இது. எடையைக் களிமண்ணிடம் கொடுக்காமல் கடத்திவிட்டால் இந்தத் தள்ளலும் போய்விடும். பைல் மண்கரையை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான், அமிழ்வு அதற்கு அடுத்தபடி.

காலம் தாராளமாக இருந்து, உயரமும் குறைவாக இருந்தால், களிமண்ணின் நீரை வெளியேற்றும் பட்டை வடிகால் வைத்து, சாலை போடும் முன்பே மண்ணைக் குவித்து இறுக வைக்கும் முன்சுமையை ஏற்றுவதே மலிவு. அபட்மென்ட்டை ஒட்டிய 6 மீட்டர் உயரத்துக்கு அது சரிப்பட்டு வராது.

## படி 2: கட்டமும் தொப்பியும்

பைல்களின் இடைவெளியை `s` என்றும் சதுரத் தொப்பியின் அகலத்தை `a` என்றும் வைப்போம். நம் எடுத்துக்காட்டில் `s` 2.0 மீட்டர், `a` 0.8 மீட்டர். தொப்பிக்கும் தொப்பிக்கும் நடுவே வெற்றிடம் 1.2 மீட்டர்.

முதலில் பார்க்க வேண்டியது உயரம் போதுமா என்பது. மண் துகள்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு தொப்பியிலிருந்து தொப்பிக்குக் கவிகை போல் வளைந்து நிற்க இடம் வேண்டும். இதைத்தான் ஆர்ச்சிங் என்கிறோம். பிரிட்டிஷ் விதிமுறையான பிஎஸ் 8006 முழு ஆர்ச்சிங்குக்குச் சொல்லும் உயரம்:

```
Hc = 1.4 (s − a) = 1.4 × 1.2 = 1.68 m
```

6 மீட்டரிலும் 3 மீட்டரிலும் நமக்குக் கவலையில்லை. கரை இதற்குக் கீழே தாழும் இடத்தில் அதே கட்டத்தைத் தொடரக் கூடாது. அங்கே கவிகை முழுதாக உருவாகாது. தொப்பி இருக்கும் இடம் மேடாகவும் இடைவெளி பள்ளமாகவும் சாலையின் மேலேயே தெரியும், பல்லாங்குழிப் பலகை போல.

அடுத்தது பைலின் சுமை. கூரையைத் தூண் சுமப்பது போல, ஒவ்வொரு பைலும் தன்னைச் சுற்றியுள்ள 2 மீட்டருக்கு 2 மீட்டர் பரப்பைச் சுமக்கிறது. வண்டிச் சுமைக்கு 20 கிலோபாஸ்கல் சேர்த்தால் 134, அதை 4 சதுர மீட்டரால் பெருக்கினால் 536 கிலோநியூட்டன்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். பைலைச் சுற்றியுள்ள களிமண் காலப்போக்கில் இறங்கும்போது பைலின் உடம்பைப் பிடித்துக் கீழே இழுக்கும். 300 மில்லிமீட்டர் சதுரப் பைலின் சுற்றளவு 1.2 மீட்டர், களிமண் ஆழம் 10 மீட்டர், சராசரி ஒட்டல் 16 கிலோபாஸ்கல். மூன்றையும் பெருக்கினால் சுமார் 190 கிலோநியூட்டன். பைலின் உடம்பும் நுனியும் சுமக்க வேண்டியது ஏறத்தாழ 730. எனவே 12 மீட்டர் நீளப் பைல்களை மணலுக்குள் 2 மீட்டர் போகும்படி இறக்குகிறோம். கீழிழுக்கும் உராய்வு இருக்கும்போது களிமண்ணின் ஒட்டலை பைலுக்கு உதவியாகக் கணக்கில் எழுதுவது இரட்டைப் பிழை. உதவிக்கு வரும் என்று எழுதிய கைதான் காலைப் பிடித்து இழுக்கிறது.

## படி 3: களிமண்ணை நம்பலாமா?

வடிவமைப்பு அறையில் அதிகம் வாதம் நடக்கும் இடம் இது. ஜியோகிரிட்டுக்குக் கீழே களிமண் இருக்கிறதே, கொஞ்சமாவது தாங்காதா என்று கேட்பார்கள். ஜெர்மன், டச்சு வழிகாட்டிகள் சில நிபந்தனைகளோடு அதை அனுமதிக்கின்றன. பிஎஸ் 8006 அனுமதிப்பதில்லை. பொத்தாம்பொதுவாகப் பேசுவதை விட நம் எண்களையே கேட்டுப் பார்ப்போம்.

பைல் அடிக்கும் இயந்திரம் குழைவான மண்ணில் நிற்க முடியாது, அதனால் முதலில் அரை மீட்டர் சரளை பரப்புவோம். அந்த அரை மீட்டரின் எடை சுமார் 10 கிலோபாஸ்கல். அது பைல்களுக்கு நடுவே களிமண்ணின் மேல் அப்படியே கிடக்கிறது. படி 1-இன் அதே கணக்கைப் போட்டால், இந்தச் சிறிய எடை மட்டுமே காலப்போக்கில் களிமண்ணைச் சுமார் 25 சென்டிமீட்டர் இறக்கும். ஜியோகிரிட் எவ்வளவு தொங்கும்? 5 சதவீத நீட்சிக்கு:

```
y = (s − a) √(3ε/8) = 1.2 × √(0.01875) ≈ 0.16 m
```

கிரிட் தொங்குவது 16 சென்டிமீட்டர், அதன் கீழுள்ள தரை விலகிப் போவது 25. நடுவில் காற்றுதான் இருக்கும். வேலை நடக்கும் நாட்களில் தரை தாங்குவது போல் தெரியலாம். சில ஆண்டுகளில் அந்தத் தாங்கல் விலகிவிடும், அன்றைக்கு முழு எடையும் கிரிட்டுக்கு வரும். ஆகவே இந்தக் களத்தில் களிமண்ணின் உதவி பூஜ்யம் என்றே எழுதுகிறேன்.

## படி 4: ஜியோகிரிட்டில் எவ்வளவு இழுவிசை?

பிஎஸ் 8006 இரண்டு முறைகளைத் தருகிறது. ஒன்று, புதைத்த குழாய்களின் மேல் விழும் மண்சுமைக்காக உருவான மார்ஸ்டன் கோட்பாட்டிலிருந்து வந்தது. மற்றொன்று 1988-இல் ஹியூலெட்டும் ராண்டால்ஃபும் தந்தது. அது அரைக்கோளக் கவிகைகளாக மண்ணைப் பார்க்கிறது. கவிகையின் உச்சி முதலில் உடையுமா, தொப்பியின் மேல் ஊன்றும் இடம் முதலில் உடையுமா என்று இரண்டையும் பார்த்து, தொப்பிக்குப் போகும் பங்கில் சிறியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

ஜல்லியின் உராய்வுக் கோணம் 35 பாகை என்று வைத்து நம் கட்டத்துக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஹியூலெட், ராண்டால்ஃப் முறையில் உச்சியே தீர்மானிக்கிறது: எடையில் 81.6 சதவீதம் நேரே தொப்பிக்குப் போகிறது, மீதி 18.4 சதவீதம் கிரிட்டின் மேல் விழுகிறது. ஒரு தொப்பியிலிருந்து அடுத்த தொப்பி வரையுள்ள கிரிட் பட்டையின் மேல் விழும் சுமை `WT`. இதில் `γ` மண்ணின் எடை, `H` கரையின் உயரம், `q` வண்டிச் சுமை, `E` தொப்பிக்குப் போகும் பங்கு:

```
WT = s (γH + q) s² (1 − E) / (s² − a²)
   = 2 × 134 × 4 × 0.184 / 3.36 ≈ 58.7 kN/m
```

மார்ஸ்டன் முறையில் அதே இடத்தில் 30.9 வருகிறது, கிட்டத்தட்டப் பாதி. இதோடு விட்டிருந்தால் "முறைக்கு முறை கொஞ்சம் மாறும்" என்று கடந்துவிடலாம். தொப்பியை 0.8-இலிருந்து 1.0 மீட்டராக மாற்றிப் பாருங்கள். ஹியூலெட், ராண்டால்ஃப் முறையில் 43 ஆகிறது. தொப்பி பெரிதானால் சுமை குறைவது இயல்புதான். மார்ஸ்டன் முறையிலோ 30.9 சரிந்து 5.6 ஆகிவிடுகிறது! தொப்பியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் எதிர்மறை எண்ணே வரும், அதாவது கிரிட்டே தேவையில்லை என்று சூத்திரம் சொல்லும். இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணை எடுக்கும் சூத்திரம் அது. அந்த இடத்தில் அதன் பேச்சைக் கேட்கக் கூடாது. இரண்டையும் போட்டுப் பார்த்து, பெரியதை எடுப்பதுதான் என் வழக்கம்.

இனி இழுவிசை:

```
T = WT (s − a)/(2a) × √(1 + 1/(6ε))
  = 58.7 × 0.75 × 2.08 ≈ 92 kN/m
```

1.3 காரணி சேர்த்தால் 119. இங்கே 5 சதவீத நீட்சி நாம் எடுத்துக்கொண்டது. நீட்சி குறைந்தால் தொங்கல் குறையும், தொங்கல் குறைந்தால் இழுவிசை கூடும். கொடிக்கயிற்றை விறைப்பாகக் கட்டினால் அதே ஈரத்துணிக்கு அதிகம் இழுப்பது போலத்தான். ஆகவே வாங்கப்போகும் கிரிட்டின் நீண்டகால நீட்சி வளைகோட்டை வைத்து, எடுத்துக்கொண்ட நீட்சியும் கிடைக்கும் நீட்சியும் பொருந்தும் வரை இரண்டு மூன்று சுற்றுப் போட வேண்டும்.

இதோடு முடியவில்லை. 6 மீட்டர் மண் பக்கவாட்டில் விரிந்து ஓடப் பார்க்கும். பைல்கள் மெல்லியவை, பக்கத் தள்ளலுக்கு அவற்றை நம்ப முடியாது. அந்தத் தள்ளலையும் கிரிட்தான் பிடித்து நிறுத்த வேண்டும். இதில் `Ka` என்பது உராய்வுக் கோணத்திலிருந்து வரும் பக்க அழுத்தக் கெழு.

```
Tlat = 0.5 Ka (γH + 2q) H = 0.5 × 0.271 × 154 × 6 ≈ 125 kN/m
```

காரணியோடு 163. இது சாலைக்குக் குறுக்கே மட்டும் வருகிறது. நம்முடையது முழு உயர அபட்மென்ட், நீளவாக்கில் வரும் தள்ளலை அதன் சுவரே வாங்கிக்கொள்கிறது. சரிவோடு முடியும் கரையாக இருந்திருந்தால் நீளவாக்கிலும் சேர்க்க வேண்டும். ஆக, குறுக்கே தேவை 119 + 163 = 282, நீளவாக்கில் 119.

கிரிட்டின் ஆய்வகப் பலத்திலிருந்து, நீண்டகாலச் சுமையில் மெல்ல நீளும் ஊர்தல், நிறுவும்போது படும் காயம், மண்ணின் வேதியியல் மூன்றுக்கும் கழிக்க வேண்டும். 1.5, 1.2, 1.1 என்று எடுத்தால் பெருக்கம் 1.98. உண்மையான எண்கள் அந்தந்தப் பொருளின் சான்றிதழில் இருந்துதான் வர வேண்டும். குறுக்கே 558 வருகிறது, 600 கிலோநியூட்டன் கிரிட் எடுக்கலாம். நீளவாக்கில் 236, அதற்கு 300 போதும். இரண்டு திசைக்கும் ஒரே கிரிட் தேடாமல், ஒற்றைத் திசைக் கிரிட் இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைப்பதே சுலபம்.

## படி 5: பைல் அடிப்பது, எந்தப் பக்கத்திலிருந்து?

அடித்து இறக்கும் பைல் தன் கன அளவுக்குக் களிமண்ணை ஒதுக்கித் தள்ளும். அருகில் அபட்மென்ட்டின் பைல்கள் ஏற்கெனவே இருந்தால் அவையும் நகரும். முடிந்தால் மண்கரையின் பைல்களை முதலில் அடித்துவிட்டு, அபட்மென்ட் பைல்களைப் பிறகு துளைத்துப் போடுங்கள். அபட்மென்ட் முந்திவிட்டால், அதை ஒட்டிய வரிசையில் தொடங்கி விலகிப் போகும் திசையில் அடியுங்கள். எதிர்த்திசையில் வந்தால் ஒதுங்கிய களிமண் எல்லாம் கடைசியில் அபட்மென்ட்டின் மேல் சாயும்.

பைல் அடித்த பிறகுதான் அதிகம் கெடும். நான் இருந்த ஒரு களத்தில் தலையை உடைக்க வசதியாகப் பைல் வரிசையின் ஒரு பக்கம் மட்டும் ஒரு மீட்டர் பள்ளம் தோண்டி, மண்ணை மறுபக்கம் குவித்துவிட்டுப் போனார்கள். காலையில் வந்து நூல் கட்டிப் பார்த்தால், முந்தின நாள் நேர்க்கோட்டில் இருந்த தலைகள் பள்ளத்துப் பக்கம் ஒரு சாண் சாய்ந்திருந்தன. உடைந்தது எது, வளைந்தது எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பைலையும் சுத்தியலால் தட்டி அதிர்வலைச் சோதனை செய்ய வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட விதி: பைலைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாகத் தோண்டு, மண்ணைக் கரைக்கு வெளியே கொண்டு போ, தொப்பி வார்க்கும் வரை பைல்களுக்கு நடுவே வண்டி விடாதே.

## படி 6: தொப்பியின் விளிம்பு

வார்த்த தொப்பியின் விளிம்பில் பலகை இடுக்கு வழியே கசிந்த சாந்து காய்ந்து மெல்லிய கத்தி போல் நிற்கும். கையுறை போட்ட உள்ளங்கையால் நான்கு விளிம்பிலும் தடவிப் பாருங்கள். உறை மாட்டினால் கிரிட்டும் மாட்டும். கிரிட்டின் இழுவிசை உச்சத்தில் இருப்பதும் சரியாக அந்த விளிம்பில்தான். விளிம்பைச் சாய்வாகவோ உருண்டையாகவோ வார்க்கச் சொல்லுங்கள், மிஞ்சியதைத் தேய்த்து எடுங்கள். தொப்பியின் மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் மணலோ பொடி ஜல்லியோ மெத்தையாக வைத்த பிறகே கிரிட். மெத்தை அதற்கு மேல் தடித்தால் கிரிட் தொப்பியிலிருந்து விலகி உயர்ந்துவிடும், அதன் வேலை குறையும்.

தொப்பிகளின் மட்டமும் முக்கியம். பக்கத்துத் தொப்பியை விட 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும் தொப்பி தன் பங்கைத் தாமதமாகத்தான் வாங்கும். அதுவரை அந்தப் பங்கு பக்கத்துப் பைல்களின் தலையில்.

## படி 7: கிரிட் விரிப்பது

குறுக்குக் கிரிட்டில் முக்கியத் திசையில் ஒட்டே கூடாது. கரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே துண்டு. அதற்கேற்ற நீளத்தில் சுருளை ஆலையிலேயே வெட்டி வாங்குங்கள். பக்கத்துப் பக்கத்துச் சுருள்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடம் தொப்பியின் மேலேயே விழ வேண்டும், இடைவெளியின் மேல் விழக் கூடாது.

விரித்ததும் இரண்டு ஆட்கள் முனையைப் பிடித்துச் சுருக்கம் போக இழுத்து, முளை அடித்து நிறுத்தட்டும். தளர்ச்சியாக விட்ட ஒவ்வொரு சென்டிமீட்டரும் பிறகு கூடுதல் தொங்கலாகத் திரும்பி வரும். கிரிட்டின் மேல் நேரடியாக வண்டி ஏறக் கூடாது. ஜல்லியை ஓரத்தில் கொட்டி, முன்னால் தள்ளிக்கொண்டே போங்கள். முதல் அடுக்கு 30 சென்டிமீட்டராவது இருக்கட்டும், அதை அதிர்வில்லாத ரோலரால் மட்டும் இறுக்குங்கள். அரை மீட்டரைத் தாண்டிய பிறகு அதிர்வு ரோலர் வரலாம். கவிகை நிற்கும் உயரம் முழுவதும், நம் கணக்கில் சுமார் 1.7 மீட்டர் வரை, நல்ல ஜல்லியே வேண்டும். இங்கே மிச்சம் பிடிக்க நினைத்து களிமண் கலந்த மண்ணைப் போட்டால், கணக்கில் வைத்த 35 பாகை காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

கரையின் ஓரங்களிலும் அபட்மென்ட் பக்கமும் கிரிட் எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் தனியாகப் பாருங்கள். அபட்மென்ட் சுவரை ஊடுருவி கிரிட் போக முடியாது. அங்கே நீளவாக்குக் கிரிட்டை மேலே மடித்து, ஜல்லியின் மேல் 2 முதல் 3 மீட்டர் பின்னோக்கிக் கொண்டுவந்து புதைக்க வேண்டும். தேவையான நீளத்தை ஜல்லியோடு அதன் பிடிப்பைக் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள். முதல் வரிசைத் தொப்பிக்கும் அபட்மென்ட்டின் அடித்தளத்துக்கும் இடைவெளி மற்ற இடங்களைப் போலவே 1.2 மீட்டருக்குள் இருக்கட்டும். வரைபடத்தில் 2 மீட்டர் கட்டத்தைச் சாலையின் தூரப் பக்கத்திலிருந்து வரைந்துகொண்டே வந்தால், மிச்சம் மீதியெல்லாம் சரியாக இந்த இடத்தில் வந்து விழும். எனவே கட்டத்தை அபட்மென்ட்டிலிருந்து தொடங்கி வரையுங்கள்.

## படி 8: பைல்கள் எங்கே முடிகின்றன?

பாலத்தின் வாசலில் படியைத் தவிர்த்துவிட்டு, அதே படியை 90 மீட்டர் தள்ளி வைத்துவிடுவது இந்த வேலையில் நிறையப் பேர் செய்யும் தவறு. 3 மீட்டர் உயரத்தில்கூட, பைல் இல்லாவிட்டால் களிமண் சுமார் 90 சென்டிமீட்டர் இறங்கும்.

எனவே முழு நீளப் பைல்கள் முடியும் அந்த 90 மீட்டருக்கு அப்பால் பட்டை வடிகால் வைத்து முன்சுமை ஏற்றுகிறோம். கிடைத்திசை இறுகல் கெழு ஆண்டுக்கு 2 சதுர மீட்டராக இருந்தால், 1.2 மீட்டர் முக்கோணக் கட்டத்தில் வைத்த வடிகால்களோடு 90 சதவீதம் இறுகச் சுமார் 6 மாதம். 3 மீட்டர் கரைக்கு மேல் இன்னொரு மீட்டர் கூடுதல் மண் என்றால் அழுத்தம் 76 ஆகிறது, தாங்கும் உச்சமோ 62. ஒரே மூச்சில் ஏற்றினால் வழுக்கும். கட்டம் கட்டமாக ஏற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் களிமண் வலுப்பெறும் வரை காத்திருந்துதான் அடுத்த அடுக்கு. அந்தக் காத்திருப்பையும் 6 மாதத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்சுமை எடுத்த பிறகு இந்தப் பகுதியில் இனி இறங்கப்போவது சுமார் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதை 24 மீட்டரில் பரப்பினால் 200-க்கு 1 சரிவு மாற்றம். அந்த 24 மீட்டரில்தான் பைல் நீளத்தை மூன்று வரிசைக்கு ஒரு முறை குறைத்துக்கொண்டே போகிறோம்: 8.5, 7, 5.5, 4 மீட்டர். இந்தப் பைல்கள் மணலைத் தொடுவதில்லை, களிமண்ணில் மிதக்கின்றன. ஆகவே வரிசை முக்கியம். இந்த 24 மீட்டரிலும் முதலில் வடிகாலும் முன்சுமையும், இறுகல் முடிந்த பின்னர்தான் பைல். முன்சுமை ஏற்றாமல் குட்டைப் பைலை மட்டும் போட்டால், நுனிக்குக் கீழேயுள்ள 6 மீட்டர் களிமண் எல்லாவற்றையும் சேர்த்துத் தன்னோடு கொண்டு இறங்கும்.

## படி 9: வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஒரு தொப்பியின் மேல் ஒரு அமிழ்வுத் தட்டு, நான்கு தொப்பிகளின் நடுப்புள்ளியில் கிரிட்டின் மேல் இன்னொன்று, இரண்டுக்கும் நேர் மேலே 2 மீட்டர் உயரத்தில் ஒரு ஜோடி. அபட்மென்ட் அருகே, நடுவில், மாற்றுப் பகுதியில் என மூன்று இடங்களில் இப்படி வையுங்கள்.

நன்றாக வேலை செய்யும் இடத்தில் தொப்பி 1 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கி நின்றுவிடும். நடுப்புள்ளி அதற்கு மேல் பல சென்டிமீட்டர் இறங்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கிரிட் தொங்கித்தான் சுமக்க முடியும். கவனிக்க வேண்டியது மேலேயுள்ள ஜோடி. அவை இரண்டும் ஒரே அளவு இறங்கினால் கவிகை அதற்குக் கீழே முழுதாக நிற்கிறது. மேல் ஜோடியிலும் வித்தியாசம் தெரிந்து, அது வாரத்துக்கு வாரம் கூடினால் ஜல்லி பூட்டிக்கொள்ளவில்லை, அல்லது கிரிட் எங்கோ நழுவுகிறது. நடுப்புள்ளியின் இறக்கம் கணக்கிட்ட 16 சென்டிமீட்டரைத் தாண்டினால் கிரிட்டின் முனைகளையும் ஒட்டுகளையும் முதலில் சந்தேகப்படுங்கள். ஒரு தொப்பி மட்டும் தன் அண்டைகளை விட 3, 4 சென்டிமீட்டர் அதிகம் இறங்கினால் அந்தப் பைல் உடைந்திருக்கலாம். நிரப்புவதை நிறுத்திவிட்டு, அதன் அடிப்புப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்.

நிரப்பி முடித்த நாளிலிருந்து வாரம் ஒரு வாசிப்பு எடுத்து, இறக்கத்தைக் காலத்தின் மடக்கை அளவில் வரையுங்கள். தரை மெல்ல விலகிக்கொண்டிருப்பதால் நடுப்புள்ளியின் கோடு உடனே படுத்துவிடாது. தொப்பியின் கோடும் மேல் ஜோடியின் கோடும் படுத்துவிட்டால் தார் அடுக்கைத் தொடங்கலாம். மாற்றுப் பகுதியில் மட்டும் தாரின் இறுதி அடுக்கைத் தள்ளிப் போட்டு, ஓராண்டு வாசிப்பைப் பார்த்த பிறகு போடுங்கள்.